பிளானோடு வரும் படச்சந்தா: லைனோடு போவது எது, நம்மிடம் தங்குவது எது

சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில் இப்போது பல வீடுகளில் படம் பார்க்கும் சந்தாவைத் தனியாக யாரும் கட்டுவதில்லை. கைப்பேசி பிளானோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. பிறை தொழிற்சாலையில் வேலை செய்யும் மகன் மாதாந்திர பில் லைன் எடுத்திருப்பார். அந்தப் பிளானில் நெட்ஃபிளிக்ஸோ வேறொரு சேவையோ சேர்ந்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அதை அம்மா வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பில் ஒழுங்காகக் கட்டும்வரை யாருக்கும் எந்தக் கேள்வியும் எழாது. லைனை மாற்றும்போதுதான், "நம்பர் அதேதான, ஏன் படம் நின்னுபோச்சு?" என்ற கேள்வி வரும். அல்லது, "நம்பர மாத்திட்டேன், இப்ப உள்ளே போக முடியலயே" என்ற புலம்பல் வரும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. "நம்பரோட வருது" என்று நாம் சேர்த்துச் சொல்வதற்குள் தனித்தனியான மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் எது போகும், எது தங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலாவது, சலுகை. அதாவது, மாதச் சந்தாவை டெல்கோ கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டாவது, கணக்கு. படம் பார்க்கும் சேவையில் மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ கொடுத்து நாம் திறந்தது. யார் எந்தத் தொடரில் எத்தனையாவது பாகத்தில் நிறுத்தினார்கள், பிள்ளைகளுக்கு என்ன பூட்டு போட்டிருக்கிறோம், யார் யாருக்குத் தனிப் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் கணக்குக்குள்தான் இருக்கின்றன. மூன்றாவது, டேட்டா. படம் ஓடுவதற்கான இணையம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்து வீடு தெரியும். வேலை இருக்கும்வரை வீடு இருக்கும், வேலையை விட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் பீரோவும் கட்டிலும் நம்முடையவை. சலுகை அந்த வீடு, கணக்கு அந்தப் பீரோ. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே படிப்பது சுலபம்.

நம்பர் வேறு, லைன் வேறு

முன்பெல்லாம் 012 என்றால் மேக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என்று எண்ணைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். 2008இல் எண்ணை மாற்றாமலே டெல்கோவை மாற்றும் வசதி மலேசியாவுக்கு வந்தது. அதற்குப் பிறகு முன்எண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 012 எண்ணை வைத்திருப்பவர் யூ மொபைல் லைனில் இருக்கலாம்.

எண் என்பது நம்மைக் கூப்பிட உதவும் இலக்கங்கள், அவ்வளவுதான். லைன் என்பது ஒரு குறிப்பிட்ட டெல்கோவிடம், ஒரு குறிப்பிட்ட ஐசியின் பெயரில், ஒரு குறிப்பிட்ட பிளானில் நாம் வைத்திருக்கும் கணக்கு. படச்சந்தா சலுகை எண்ணோடு வருவது போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒட்டியிருப்பது லைனோடுதான். டெல்கோ தன் வாடிக்கையாளருக்காகத்தான் சேவைக்குப் பணம் கட்டுகிறது. வாடிக்கையாளர் வேறு டெல்கோவுக்குப் போய்விட்டால், எண் அதுவாகவே இருந்தாலும், பழைய டெல்கோ எதற்குக் கட்ட வேண்டும்?

ஒரே டெல்கோவுக்குள் பிளானை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். 98 வெள்ளி பிளானிலிருந்து 60 வெள்ளி பிளானுக்கு இறங்கினால் எண், சிம், டெல்கோ மூன்றும் மாறுவதில்லை. ஆனால் புதிய பிளானில் அந்தச் சேவை இல்லையென்றால் சலுகை நின்றுவிடும். கவுண்டரில் இருப்பவர் இதைத் தானாக வந்து சொல்வார் என்று நம்பி இருக்காதீர்கள். "இப்ப இருக்கிற படச்சந்தா புது பிளான்ல உண்டா, எந்த அளவுல?" என்று நாமே கேட்டுவிடுவது நல்லது.

எந்த அளவில் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 2019 அக்டோபரில் மலேசியாவில் 17 வெள்ளிக்குக் கைப்பேசிக்கு மட்டுமான சந்தாவை அறிமுகப்படுத்தியது. அந்த வகையில் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ ஒரு நேரத்தில் ஒரு திரையில்தான் பார்க்கலாம். டிவியில் போட முடியாது. பிளானில் இந்த வகைதான் சேர்ந்திருக்கிறது என்றால், அம்மா வீட்டு டிவிக்காக அந்தப் பிளானை எடுப்பதில் பயனே இல்லை. விளம்பரப் பலகையில் சேவையின் பெயர் பெரிதாக இருக்கும், வகை சிறிய எழுத்தில் இருக்கும். சிறிய எழுத்தைப் படியுங்கள்.

டெல்கோ மாறியது, எண் மாறவில்லை

அந்த மகனையே எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. அதனால் எண்ணை வைத்துக்கொண்டே வேறு டெல்கோவுக்கு மாறுகிறார். புதிய சிம் வேலை செய்கிறது, எல்லாரும் அதே எண்ணில் கூப்பிடுகிறார்கள். சில நாள் கழித்து அம்மா தொலைபேசியில், "தம்பி, டிவில என்னமோ காசு கட்டச் சொல்லுதுடா. டிவி கெட்டுப்போச்சா?" என்கிறார்.

டிவி கெடவில்லை. பழைய லைன் மூடப்பட்ட அன்றே சலுகையும் முடிந்துவிட்டது. ஏற்கெனவே கட்டியிருந்த காலம் தீரும்வரை படம் ஓடியது, அது தீர்ந்ததும் சேவை வேறு வழியில் பணம் கேட்கிறது. கணக்கு அப்படியே இருக்கிறது. அம்மா பாதியில் விட்ட தொடரும் பேரப்பிள்ளையின் கார்ட்டூன் பட்டியலும் அப்படியே இருக்கின்றன. பணம் வரும் குழாய் மட்டும் அடைபட்டிருக்கிறது.

இந்த நேரத்தில் செய்யக்கூடியவை இரண்டு. அதே கணக்கில் வங்கி அட்டையைப் போட்டு நாமே கட்டலாம். அல்லது, புதிய டெல்கோ பிளானிலும் அதே சேவை உண்டென்றால் அந்தச் சலுகையை இதே கணக்கில் இணைக்கலாம்.

இரண்டாவது வழியில் போகிறவர்கள் தவறுவது ஓர் இடத்தில்தான். புதிய டெல்கோவின் ஆப்பில் சலுகையைத் திறக்கும் பொத்தானை அழுத்தினால் அது படச்சேவையின் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். அங்கே மின்னஞ்சல் கேட்கும். அவசரத்தில் வேறொரு மின்னஞ்சலைக் கொடுத்தால் புதுக் கணக்கு ஒன்று பிறந்துவிடும். சலுகை அந்தப் புதுக் கணக்கில் ஏறிவிடும். டிவியில் இருப்பது பழைய கணக்கு. அது இன்னும் பணம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மகன் "நான் ஏத்திட்டேன்மா" என்பார், அம்மா "வரலயேப்பா" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான்.

அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் டிவியில் இருக்கும் கணக்கின் மின்னஞ்சல் எதுவென்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் என்றால் "Account" பக்கத்தில் அது இருக்கும். இணைக்கும் பக்கம் மின்னஞ்சல் கேட்கும்போது அதே முகவரியைக் கொடுத்து, பழைய கடவுச்சொல்லோடு உள்ளே போங்கள். வேலை முடிந்ததும் "Account" பக்கத்துக்குத் திரும்பிப் போய், சந்தாப் பணம் யார் வழியாகப் போகிறது என்று பாருங்கள். டெல்கோவின் பெயர் அங்கே இருந்தால் இணைப்பு சரியாகிவிட்டது. பழைய வங்கி அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் இருக்கின்றன என்றால் சலுகை இன்னும் ஏறவில்லை.

டெல்கோ மாறும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தோட்டத்துக் குடும்பங்களில் லைன் அப்பாவின் ஐசியில் இருப்பதும் பயன்படுத்துவது மகனாக இருப்பதும் சகஜம். லைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய ஐசியோடுதான் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகன் தன் ஐசியைக் கொடுத்தால் விவரம் ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் பழைய டெல்கோவிலேயே லைனை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பெயர் மாறும்போதும் சலுகை தொடருமா என்று கேட்டுவிடுங்கள். பெயர் மாற்றத்தைப் புதிய ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டால் சலுகையை மறுபடியும் திறக்க வேண்டிவரும். டாப் அப் லைனாக இருந்தால் மீதமிருக்கும் கிரெடிட் புதிய டெல்கோவுக்கு வராது, தீர்த்துவிட்டுப் போங்கள். கைப்பேசியோடு சேர்ந்த 24 மாத ஒப்பந்தம் என்றால் இடையில் விட்டதற்கான தொகையையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எண் மாறியது

இப்போது கதையைத் திருப்பிப் போடுவோம். மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அங்கே புதிய எண் வாங்கிவிட்டார். மலேசிய டாப் அப் சிம்மை அலமாரியில் போட்டுவிட்டார், யாரும் டாப் அப் செய்யவில்லை. அதன் காலம் முடிந்து, கூடுதல் அவகாசமும் முடிந்து, எண் டெல்கோவிடம் திரும்பிப் போய்விடுகிறது.

சலுகை போனது பெரிய இழப்பில்லை, லைன் இல்லையென்றால் சலுகையும் இல்லை. ஆனால் இந்த முறை பீரோவும் வெளியே வர மறுக்கிறது. சில சேவைகளில் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இல்லாமல் கைப்பேசி எண்ணைக் கொடுத்தே உள்ளே போவோம். எண்ணைத் தட்டினால் குறுஞ்செய்தியில் ஓடிபி வரும், அதைப் போட்டால் கதவு திறக்கும். அப்படிப்பட்ட சேவையில் எண்தான் சாவி. சாவி இப்போது வேறிடத்தில் இருக்கிறது. டிவியில் ஏற்கெனவே திறந்திருக்கும்வரை படம் ஓடும். ஒருநாள் டிவியை மாற்றும்போதோ ஆப் தானாக வெளியேற்றும்போதோ ஓடிபி கேட்கும், அது பழைய எண்ணுக்குப் போய்விடும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. டெல்கோவுக்குத் திரும்பிப் போன எண் என்றைக்காவது வேறொருவருக்கு விற்கப்படும். அவர் அதே ஆப்பை இறக்கித் தன் எண்ணைப் போட்டால் ஓடிபி அவருக்குத்தான் வரும். உள்ளே போனால் மகளுடைய கணக்கு இருக்கும். அவர் மேல் தவறே இல்லை, தன் எண்ணைத்தானே போட்டார். அந்தக் கணக்கில் மகளின் வங்கி அட்டை இருந்துவிட்டால்?

ஆகவே எண் மாறும்போது வரிசை முக்கியம். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே, அதில் குறுஞ்செய்தி வரும்போதே, படச்சேவைக்குள் போய்ப் புதிய எண்ணைப் பதிவுசெய்யுங்கள். பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு, புதிய எண்ணுக்கு ஒரு குறியீடு என்று இரண்டு கேட்கலாம். இரண்டு சிம்மும் கையில் இருந்தால் சில நிமிட வேலை. மின்னஞ்சலையும் சேர்க்க இடம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். வெளியேறி, புதிய எண்ணோடு மறுபடியும் உள்ளே போய்ப் பாருங்கள். அது நடந்த பிறகுதான் பழைய சிம்மைக் கைவிட வேண்டும்.

மின்னஞ்சலால் திறக்கும் சேவையிலும் எண் ஒளிந்திருக்கலாம். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்காக எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருப்பார்கள். அந்த மின்னஞ்சலுக்கே பழைய எண்தான் மீட்பு எண்ணாக இருக்கும். இரண்டையும் ஒருசேர மாற்றுங்கள்.

டேட்டா என்பது தனிக் கதை

"படம் ஃப்ரீ" என்று கேட்டதும் அதற்கான இணையமும் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். சந்தா வேறு, டேட்டா வேறு. சந்தா கணக்கில் ஏறிவிட்டால் வீட்டு வைஃபையிலும் பார்க்கலாம். டேட்டா சிம்மோடு ஒட்டியது, அந்த சிம் இருக்கும் கைப்பேசியில் மட்டும்தான்.

பிளானில் படம் பார்க்க என்று தனி டேட்டா ஒதுக்கியிருந்தால், அது டெல்கோ பட்டியலிட்ட ஆப்புகளுக்கு மட்டும் செல்லும். ஹாட்ஸ்பாட் அளவும் பல பிளான்களில் தனியாகவே கணக்கிடப்படுகிறது. மகன் ஊருக்கு வந்து தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை ஓடவிட்டால் இந்த அளவுதான் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதை நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது: சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி தரத்தில் 3 ஜிபி வரை. அம்மா இரவில் இரண்டு மணி நேரம் எச்டியில் பார்த்தால் ஒரு மாதத்துக்கு 180 ஜிபி வரை போகும். ஹாட்ஸ்பாட் தாங்காது. டிவிக்கு வீட்டு இணையம்தான் சரி. அது இல்லாத வீட்டில் தரத்தைச் சாதாரண அளவுக்கு இறக்கினால் 60 ஜிபிக்குள் அடங்கும். கைப்பேசியில் மட்டும் பார்ப்பவர்கள் ஆப்பின் அமைப்பில் "Save Data" என்பதைத் தேர்ந்தால் 1 ஜிபியில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பார்க்கலாம். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்த படங்கள் டேட்டாவைத் தின்னாது. ஆனால் சந்தா நின்றால் அவையும் ஓடாது.

இரண்டு இடத்தில் பணம் போகிறதா?

டெல்கோ சலுகையைத் திறந்த பிறகும் பழைய சந்தா ஓடிக்கொண்டே இருப்பதுண்டு. முன்பு ஆப்புக்குள்ளேயே பிளே ஸ்டோர் வழியாகவோ ஐபோன் வழியாகவோ சந்தா கட்டியிருந்தால், அந்தக் கட்டணத்தை டெல்கோவால் நிறுத்த முடியாது. அது கூகலுக்கோ ஆப்பிளுக்கோ நாம் கொடுத்த ஒப்புதல், நாம்தான் நிறுத்த வேண்டும். ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே இருக்கும் நம் படத்தைத் தட்டி, "Payments & subscriptions", பிறகு "Subscriptions" என்று போனால் பட்டியல் தெரியும். ஐபோனில் "Settings" திறந்து, மேலே நம் பெயரைத் தட்டி, "Subscriptions" பார்க்க வேண்டும். அங்கே படச்சேவையின் பெயர் இன்னும் உயிரோடு இருந்தால் மாதம் இரண்டு முறை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் கணக்கே ஆப் கடை வழியாகப் பணம் கட்டுவதாக இருந்தால், முதலில் அதை ரத்துசெய்து, கட்டிய காலம் முடிந்த பிறகே டெல்கோ சலுகையை இணைக்க முடியும் என்று சில சேவைகள் சொல்லும். அவசரப்பட்டுப் புதுக் கணக்கு திறக்காமல் அந்தச் சில நாள் பொறுத்திருங்கள்.

சலுகையைத் திறக்க டெல்கோவின் ஆப்புக்கு நாமாகவே போவதுதான் பாதுகாப்பு. "உங்கள் நெட்ஃபிளிக்ஸ் நின்றுவிட்டது, இங்கே அழுத்துங்கள்" என்று ஏதோ ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தால் அழுத்த வேண்டாம். தனிநபர் எண்களிலிருந்து வரும் குறுஞ்செய்திகளில் இணைய இணைப்பு இருந்தால் தடுக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023இலேயே டெல்கோக்களுக்கு உத்தரவிட்டது. அதனால் ஏமாற்றுக்காரர்கள் இப்போது வேறு வழிகளைத் தேடுகிறார்கள். டெல்கோவிலிருந்து பேசுகிறேன் என்று கூப்பிட்டு ஓடிபி கேட்பவரிடம் ஓர் இலக்கத்தைக்கூடச் சொல்லாதீர்கள். எண்ணால் திறக்கும் கணக்குக்கு அந்த இலக்கங்கள்தான் முழுச் சாவி. குறியீடு தட்ட வேண்டிய இடம் நாம் திறந்து வைத்திருக்கும் ஆப்பின் திரை மட்டும்தான்.

தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கின் மின்னஞ்சல், லைன் யார் ஐசியில் இருக்கிறது, சந்தா எந்த லைன் வழியாகக் கட்டப்படுகிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஊரில் டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். பக்கத்து வீட்டுத் தங்கச்சியோ கைப்பேசிக் கடைத் தம்பியோ உதவிக்கு வந்தால், முதலில் கேட்கப்போவது இந்த மூன்றைத்தான்.